ஒரே இணைப்பில் இரண்டு வகைக் குறியாக்கம் எதற்கு?

https என்று தொடங்கும் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது என்ன நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: பிரவுசர் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கும், அதை சர்வரின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்பும், சர்வர் தன் தனிச் சாவியால் திறந்து எடுத்துக்கொள்ளும், அப்புறம் இருவரும் அந்த ரகசியச் சாவியை வைத்துப் பேசிக்கொள்வார்கள். பல பாடங்களிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒருகாலத்தில் இது சரியான விளக்கம்தான். ஆனால் https இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின், 2018 ஆகஸ்டில் வெளியான 1.3 பதிப்பு இந்த முறையை அடியோடு நீக்கிவிட்டது. ஏன் நீக்கினார்கள் என்பது புரிந்தால், சமச்சீர், சமச்சீரற்ற என்ற இரண்டு குறியாக்கங்களும் எதற்காக ஒரே இணைப்பில் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

## அடிப்படை: சாவி ஒன்றா, இரண்டா?

சமச்சீர் குறியாக்கத்தில் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி. இன்று அதிகம் புழங்குவது 2001-இல் தரப்படுத்தப்பட்ட ஏஇஎஸ். இதன் சாவி 128, 192 அல்லது 256 பிட் நீளமான வெறும் சீரற்ற எண், அதற்குள் வேறு எந்தக் கணித அமைப்பும் கிடையாது. தரவை 16 பைட் துண்டுகளாக எடுத்து, இடம் மாற்றி, கலக்கி, சாவியோடு சேர்த்து என்று பல சுற்றுகள் சுழற்றும். இந்த வேலைக்கென்றே தனிக் கட்டளைகள் இன்றைய பெரும்பாலான பிராசசர்களில் இருப்பதால், சாதாரண மடிக்கணினியில்கூட நொடிக்கு ஜிகாபைட் கணக்கில் ஓடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஒரே சாவி இரண்டு பக்கமும் முன்கூட்டியே இருக்க வேண்டும். இதுவரை சந்திக்காத ஒரு சர்வருக்கு அதை எப்படிக் கொடுப்பது? வழியில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால்தானே குறியாக்கமே வேண்டும் என்கிறோம், அதே வழியில் சாவியை அனுப்ப முடியாது. நேரில் கொடுப்பது என்று வைத்துக்கொண்டாலும் எண்ணிக்கை கைமீறிப் போகும்: `n` பேர் தங்களுக்குள் இருவர் இருவராக ரகசியமாகப் பேச `n(n-1)/2` சாவிகள் தேவை. 1000 பேர் என்றால் 4,99,500.

சமச்சீரற்ற குறியாக்கம் இந்த இடத்துக்காகவே வந்தது. 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இந்த யோசனையை வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டே ஆர்எஸ்ஏ உருவானது. இங்கே சாவிகள் ஜோடியாகப் பிறக்கின்றன. ஒன்றை ஊருக்கே காட்டலாம், அது பொதுச் சாவி. மற்றொன்று தனிச் சாவி, அது உரியவரை விட்டு வெளியே போகவே கூடாது. பொதுச் சாவியிலிருந்து தனிச் சாவியைக் கண்டுபிடிப்பது கணித ரீதியாக மிகக் கடினம் என்பதுதான் மொத்த அடித்தளமும்.

இந்த ஜோடியை வைத்து மூன்று வேலைகள் செய்யலாம், பலரும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் பிரித்தே சொல்கிறேன்.

1. பூட்டுதல். பொதுச் சாவியால் பூட்டியதைத் தனிச் சாவிக்காரர் மட்டும் திறக்கலாம்.
2. கையொப்பம். தனிச் சாவியால் போட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவி வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.
3. சாவி ஒப்பந்தம். இருவரும் தங்கள் பொதுச் சாவிகளை வெளிப்படையாகப் பரிமாறிக்கொண்டு, வெளியே யாருக்கும் தெரியாத ஒரே எண்ணுக்கு வந்து சேரலாம்.

இணைப்பின் தொடக்கத்தில் பிரவுசரும் சர்வரும் சாவிகளை முடிவு செய்துகொள்ளும் பேச்சுக்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர். டிஎல்எஸ் 1.3 ஹேண்ட்ஷேக்கில் பயன்படுவது இரண்டாவதும் மூன்றாவதும்தான். "பொதுச் சாவியால் பூட்டுவது" என்று எல்லோருக்கும் தெரிந்த முதல் வேலைக்கு அங்கே இடமே இல்லை.

## எல்லாவற்றையும் பொதுச் சாவியாலேயே பூட்டினால் என்ன?

10 மெகாபைட் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியால் ஒருமுறைக்குப் பூட்டக்கூடிய அளவு, இன்று பரிந்துரைக்கப்படும் நிரப்பு முறையில் (ஓஏஇபி, எஸ்எச்ஏ-256 உடன்) வெறும் 190 பைட். பெரிய கோப்பை நேரடியாக இந்தச் சாவியிடம் கொடுத்தால் `openssl` என்ற குறியாக்கக் கருவி இப்படித்தான் மறுக்கும்:

```
data too large for key size
```

சரி, 190 பைட்டாக வெட்டி வெட்டிப் பூட்டுவோம் என்றால் 55,189 துண்டுகள் ஆகும். ஒவ்வொரு துண்டும் பூட்டிய பிறகு 256 பைட் ஆகிவிடுவதால், 10 மெகாபைட் கோப்பு ஏறத்தாழ 13.5 மெகாபைட்டாகப் பருக்கும். திறப்பதுதான் இன்னும் மோசம். தனிச் சாவியைக் கொண்டு செய்யும் ஒவ்வொரு கணக்கும் 617 இலக்க எண்களை அடுக்கேற்றிப் பார்க்கும் வேலை. ஒரு பிராசசர் கோர் நொடிக்கு 1500 முறை இதைச் செய்கிறது என்று வைத்துக்கொண்டால் (கணினிக்குக் கணினி மாறும்), இந்த ஒரு கோப்புக்கு மட்டும் 37 நொடி ஆகும். அதே கோப்பை நொடிக்கு 2 ஜிகாபைட் வேகத்தில் ஓடும் ஏஇஎஸ் 5 மில்லி நொடியில் முடித்துவிடும். உங்கள் கணினியின் வேகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்:

```
openssl speed -evp aes-128-gcm
openssl speed rsa2048
```

வழக்கமாக விளக்கங்கள் இந்த வேகக் கணக்கோடு நின்றுவிடும். ஆனால் நாளைக்கே ஆயிரம் மடங்கு வேகமான ஆர்எஸ்ஏ வந்தாலும் இந்த முறை உதவாது, அதற்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. பொதுச் சாவி எல்லோரிடமும் இருக்கிறது, ஆகவே அந்தத் துண்டுகளை யார் பூட்டி அனுப்பினார்கள் என்று சர்வருக்குத் தெரிய வழியே இல்லை. நடுவில் ஒருவர் 300-வது துண்டை எடுத்து வீசிவிட்டுத் தானே பூட்டிய வேறொன்றைச் செருகினால் அது சுத்தமாகத் திறக்கும், வரிசையை மாற்றி வைத்தாலும் திறக்கும். எதிர்த் திசையில் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் சாதாரண பிரவுசரிடம் சர்வர் பூட்டி அனுப்புவதற்கான பொதுச் சாவி என்று எதுவும் முன்கூட்டியே கிடையாது.

## பழைய கலப்பு முறையும் அதன் ஓட்டையும்

இதற்கு இயல்பாகத் தோன்றும் தீர்வு, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பழைய முறைதான். சிறிய ரகசியத்தை மட்டும் ஆர்எஸ்ஏவால் பூட்டி அனுப்பு, மீதியை ஏஇஎஸ் பார்த்துக்கொள்ளட்டும். டிஎல்எஸ் 1.2 வரை இது அனுமதிக்கப்பட்டது. பிரவுசர் 48 பைட் ரகசியம் ஒன்றை உருவாக்கி, சர்வரின் ஆர்எஸ்ஏ பொதுச் சாவியால் பூட்டி அனுப்பும், ஏஇஎஸ் சாவிகள் அதிலிருந்து பிறக்கும். வேகப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் இதில் நேரம் கடந்து வெடிக்கும் ஒரு ஆபத்து உண்டு. ஒருவர் இன்றைய போக்குவரத்து முழுவதையும் படிக்க முடியாமலே பதிவு செய்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து, சர்வரின் தனிச் சாவி எப்படியோ கசிகிறது. அந்த ஒரே சாவியால் அவர் சேமித்த அத்தனை இணைப்புகளின் 48 பைட் ரகசியங்களையும் திறக்கலாம், அவற்றிலிருந்து ஏஇஎஸ் சாவிகளை உருவாக்கலாம், மூன்று வருட உரையாடலையும் உட்கார்ந்து படிக்கலாம். 2014 ஏப்ரலில் வெளியே வந்த ஹார்ட்பிளீட் கோளாறு சர்வரின் நினைவகத்தைத் துண்டு துண்டாகக் கசியவிட்டது, அதில் தனிச் சாவிகளும் வெளியேற முடிந்தது. ஆகவே "தனிச் சாவி எப்படிக் கசியும்" என்று யாராவது கேட்டால் நடந்ததையே காட்டலாம்.

என் பார்வையில் இந்த வடிவமைப்பின் அடிப்படைப் பிழை, சர்வர் யார் என்று நிரூபிக்க வேண்டிய நீண்டகாலச் சாவியையே ரகசியத்தைக் காக்கும் வேலைக்கும் வைத்ததுதான். டிஎல்எஸ் 1.3 இந்த இரண்டையும் வெட்டிப் பிரித்தது.

## இன்றைய ஹேண்ட்ஷேக், படிப்படியாக

### 1. ரகசியத்தை அனுப்பாமலே ஒரே ரகசியத்துக்கு வருவது

பிரவுசர் அந்த இணைப்புக்கென்றே புதிதாக ஒரு சாவி ஜோடி உருவாக்கும். பெரும்பாலும் `X25519` என்ற நீள்வட்ட வளைவு முறை, இதில் பொதுச் சாவி 32 பைட்தான். அதை முதல் செய்தியிலேயே (`ClientHello`) வெளிப்படையாக அனுப்பிவிடும். சர்வரும் தன் பங்குக்குப் புதிய ஜோடி ஒன்றை உருவாக்கி, அதன் பொதுச் சாவியை `ServerHello`-வில் அனுப்பும்.

இது எப்படி ஒரே எண்ணுக்கு வருகிறது என்பதைச் சிறிய எண்களில் பார்த்துவிடலாம். வளைவுக்குப் பதில் பழைய டிஃபி-ஹெல்மன் முறை, 29-ஆல் வகுத்து மீதி எடுக்கும் கணக்கு, அடிப்படை எண் 2. பிரவுசரின் ரகசியம் 5, சர்வரின் ரகசியம் 12.

```
பிரவுசர் அனுப்புவது:  2^5  mod 29 = 3
சர்வர் அனுப்புவது:    2^12 mod 29 = 7

பிரவுசர் கணக்கிடுவது: 7^5  mod 29 = 16
சர்வர் கணக்கிடுவது:   3^12 mod 29 = 16
```

கம்பியில் போனது 3-உம் 7-உம் மட்டும். 16 எங்கேயும் பயணிக்கவில்லை, ஆனால் இருவரிடமும் இருக்கிறது. 29 மாதிரி சிறிய எண்ணில் யாரும் எல்லாவற்றையும் முயன்று பார்த்து உடைத்துவிடலாம். நிஜத்தில் எண்கள் 255 பிட் அளவுக்குப் பெரியவை, முயன்று பார்ப்பது நடக்காது.

கணக்கு முடிந்ததும் அந்த 5-ஐயும் 12-ஐயும் அழித்துவிடுகிறார்கள். இதுதான் பழைய ஓட்டையை அடைக்கிறது: மூன்று வருடம் கழித்து சர்வரின் நீண்டகாலத் தனிச் சாவி கசிந்தாலும், அதை வைத்து 16-ஐக் கணக்கிட முடியாது, ஏனென்றால் 16 அந்தச் சாவியிலிருந்து வரவேயில்லை.

### 2. எதிரில் இருப்பது யார்?

மேலே உள்ள கணக்கு ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும், நடுவில் புகுந்து செய்தியை மாற்றுபவரைத் தடுக்காது. அதே எண்களில் பாருங்கள். நடுவில் ஒருவர் தன் ரகசியமாக 3-ஐ எடுத்து `2^3 = 8` என்று கணக்கிட்டு, சர்வரின் 7-ஐ நிறுத்திவிட்டு பிரவுசருக்கு 8 அனுப்புகிறார், பிரவுசரின் 3-ஐ நிறுத்திவிட்டு சர்வருக்கும் 8 அனுப்புகிறார். இப்போது பிரவுசருக்குக் கிடைப்பது `8^5 mod 29 = 27`, நடுவில் உள்ளவருக்கும் `3^3 mod 29 = 27`. சர்வருக்குக் கிடைப்பது `8^12 mod 29 = 24`, அவருக்கும் `7^3 mod 29 = 24`. இரண்டு பக்கமும் தனித்தனி ரகசியம் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் திறந்து படித்துவிட்டு மறுபக்கம் பூட்டி அனுப்பலாம். குறியாக்கம் பிசகில்லாமல் நடக்கிறது, ரகசியம் மட்டும் இல்லை.

இங்கேதான் சான்றிதழும் கையொப்பமும் வருகின்றன. சர்வர் தன் சான்றிதழை அனுப்புகிறது, அதில் அதன் நீண்டகாலப் பொதுச் சாவியும் தளத்தின் பெயரும் இருக்கும், பிரவுசர் நம்பும் ஒரு சான்றிதழ் நிறுவனத்தின் கையொப்பமும் இருக்கும். ஆனால் சான்றிதழ் என்பது எல்லோருக்கும் காட்டும் தாள், அதை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து அனுப்பலாம். அதனால் அடுத்து `CertificateVerify` என்ற செய்தி வருகிறது. இதுவரை இந்த இணைப்பில் போன, வந்த எல்லாச் செய்திகளுக்கும் சேர்த்து, கைரேகை மாதிரியான ஹாஷ் என்ற எண்ணை எடுத்து, சர்வர் அதன்மேல் தன் தனிச் சாவியால் கையொப்பமிடுகிறது.

நம் உதாரணத்தில் சர்வர் பார்த்தது "வந்தது 8, போனது 7". பிரவுசர் பார்த்தது "போனது 3, வந்தது 8". இரண்டு ஹாஷும் வேறு, ஆகவே கையொப்பம் பிரவுசரிடம் பொருந்தாது, இணைப்பு அங்கேயே முறிந்துவிடும். நடுவில் உள்ளவர் பொருந்தும்படி புதிதாகக் கையொப்பமிட வேண்டுமானால் சர்வரின் தனிச் சாவி வேண்டும், அது அவரிடம் இல்லை.

இந்தச் சரிபார்ப்பை நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். சான்றிதழ் பிழை வருகிறதே என்று நிரலில் `verify=False` என்றோ, கட்டளையில் `curl -k` என்றோ போட்டுவிட்டு, "குறியாக்கம்தான் இருக்கிறதே" என்று இருந்துவிடுகிறார்கள். மேலே பார்த்த 27-உம் 24-உம் அந்தப் பிழையின் விளைவுதான். அதிலும் கொடுமை, வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்: அதே ஏஇஎஸ், அதே சாவி நீளம்.

### 3. ரகசியத்திலிருந்து சாவிகள்

ஒப்பந்தத்தில் கிடைத்த எண்ணை அப்படியே ஏஇஎஸ் சாவியாகப் போடுவதில்லை. எச்கேடிஎஃப் என்ற வடிகட்டி வழியாக, செய்திகளின் ஹாஷையும் சேர்த்து, பல சாவிகளைப் பிறக்க வைக்கிறார்கள். ஹேண்ட்ஷேக்கின் மீதிக்குத் தனி, உண்மையான தரவுக்குத் தனி, அதிலும் பிரவுசரிலிருந்து சர்வருக்குப் போகும் திசைக்கு ஒன்று, திரும்பி வரும் திசைக்கு வேறொன்று. கடைசியாக இருபக்கமும் `Finished` செய்தியைப் பரிமாறி, ஒரே சாவிகளுக்கு வந்திருக்கிறோம் என்று உறுதி செய்துகொள்கின்றன.

### 4. இனி முழுவதும் சமச்சீர்

இதற்குப் பிறகு சமச்சீரற்ற கணக்கு எதுவும் வழக்கமாக நடப்பதில்லை. நம் 10 மெகாபைட் கோப்பு அதிகபட்சம் 16,384 பைட் கொண்ட பதிவுகளாக, அதாவது 640 பதிவுகளாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் 5 பைட் தலைப்பு, 1 பைட் வகைக் குறி, 16 பைட் சரிபார்ப்பு முத்திரை, ஆக 22 பைட் கூடுதல். மொத்தமாக 14 கிலோபைட்கூட இல்லை, ஆர்எஸ்ஏ முறையில் கூடிய 3.5 மெகாபைட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த 16 பைட் முத்திரைதான் 300-வது துண்டை மாற்றும் வித்தையைப் பிடிக்கிறது. சாவி இல்லாதவர் ஒரு பிட்டை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. வரிசையை மாற்றினாலும் பொருந்தாது, ஏனென்றால் ஒவ்வொரு பதிவும் தன் வரிசை எண்ணிலிருந்து உருவான 12 பைட் நான்ஸ் எண்ணோடு சேர்த்தே பூட்டப்படுகிறது.

இந்த நான்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் ஒரே சாவியோடு ஒரே நான்ஸை இரண்டு முறை பயன்படுத்தினால் கதை முடிந்தது: இரண்டு செய்திகளையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க வழி பிறக்கும், போலி முத்திரை தயாரிக்கவும் வழி பிறக்கும். டிஎல்எஸ்-இல் வரிசை எண் ஒவ்வொரு இணைப்பிலும் 0-விலிருந்து தொடங்குகிறது. அது ஆபத்தாக ஆகாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு இணைப்புக்கும், ஒவ்வொரு திசைக்கும் சாவி புதியது என்பதே. அந்தப் புதிய சாவியைத் தருவது ஹேண்ட்ஷேக். ஆக, சமச்சீர் பகுதி வேகத்தைக் கொடுத்து சமச்சீரற்ற பகுதிக்கு உதவுவது போலவே, சமச்சீரற்ற பகுதியும் ஒருமுறை மட்டும் பயன்படும் சாவியைக் கொடுத்துச் சமச்சீர் பகுதியைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறது.

## உங்கள் இணைப்பில் எது ஓடுகிறது?

```
openssl s_client -connect example.com:443 -tls1_3 </dev/null
```

வரும் நீளமான வெளியீட்டில் இந்த வகை வரிகளைத் தேடுங்கள், வாசகம் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும்:

```
Peer signature type: ECDSA
Server Temp Key: X25519, 253 bits
New, TLSv1.3, Cipher is TLS_AES_256_GCM_SHA384
Verify return code: 0 (ok)
```

முதல் வரி சர்வர் தன்னை நிரூபித்த கையொப்ப முறை. இரண்டாவது, தற்காலிகச் சாவி ஒப்பந்தம். மூன்றாவது, அதன்பின் ஓடும் சமச்சீர் முறை. நான்காவது வரியில் 0 வரவில்லை என்றால் மேலே உள்ள மூன்றும் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரோடு பேசுகிறீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. `-tls1_3`-ஐ எடுத்துவிட்டு ஒரு பழைய சர்வரிடம் முயன்றால் `AES128-GCM-SHA256` என்று, தற்காலிகச் சாவி ஒப்பந்தத்தைக் குறிக்கும் `ECDHE` முன்னால் இல்லாமல் வரலாம். அது 48 பைட் ரகசியத்தை ஆர்எஸ்ஏவால் பூட்டி அனுப்பும் பழைய முறை. அந்த சர்வரை நிர்வகிப்பவர் நீங்கள் என்றால் அதை இன்றே அணைத்துவிடுங்கள்.

## குவாண்டம் கணினி வந்தால் எந்தப் பாதி உடையும்?

சமீபத்திய குழப்பங்களில் பெரும்பாதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். 1994-இல் பீட்டர் ஷோர் கண்டுபிடித்த வழிமுறை, போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி கிடைத்தால், ஆர்எஸ்ஏவையும் `X25519`-ஐயும் உடைத்துவிடும். 256 பிட் சாவியுள்ள ஏஇஎஸ்-க்கு அப்படிப்பட்ட அடி எதுவும் தெரியவில்லை. அதாவது 640 பதிவுகளைப் பூட்டிய பகுதி நிற்கும், சாவியைத் தந்த பகுதி விழும்.

அந்தப் பகுதிக்குள்ளும் இரண்டு வேலைகளுக்கு அவசரம் ஒன்றல்ல. இன்று பதிவு செய்த 3-ஐயும் 7-ஐயும் எடுத்து, பத்து வருடம் கழித்து வரும் கணினியில் 16-ஐக் கண்டுபிடித்தால் இன்றைய உரையாடல் திறந்துவிடும். கையொப்பம் அப்படியில்லை. அது இணைப்பு நடக்கும் அந்தக் கணத்தில் சரிபார்க்கப்பட்டு முடிந்துவிடுகிறது, பத்து வருடம் கழித்து அதைப் போலியாகச் செய்ய முடிந்தாலும், எப்போதோ முடிந்துபோன இணைப்பின் நடுவே போய் யாரும் உட்கார முடியாது.

அதனால்தான் மாற்றம் சாவி ஒப்பந்தத்தில் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் தரப்படுத்தப்பட்ட எம்எல்-கெம் என்ற புதிய முறையை `X25519`-ஓடு சேர்த்து `X25519MLKEM768` என்ற பெயரில் பிரவுசர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. இரண்டின் ரகசியங்களும் ஒன்றாகச் சேர்த்தே எச்கேடிஎஃப்-க்குள் போகின்றன, ஆகவே ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும். விலை அளவில்தான்: பிரவுசர் அனுப்பும் 32 பைட் இப்போது 1216 பைட் ஆகிறது, சர்வர் அனுப்புவது 1120. `ClientHello` பெரும்பாலும் ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரிகிறது, அது ஒரே பாக்கெட்டில்தான் வரும் என்று நம்பி எழுதப்பட்ட பழைய நெட்வொர்க் கருவிகள் இணைப்பையே தொங்கவிடுகின்றன. ஒரு தளம் புதிய பிரவுசரில் மட்டும் ஹேண்ட்ஷேக்கிலேயே நின்று, பழையதில் உடனே திறந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.